பனிக்கட்டி முழுவதும் உருகுமா? நிலைமாற்றத்தோடு வரும் வெப்பக் கலவைக் கணக்குகளைச் செய்யும் முறை

கத்திரி வெயில் நாள்களில் வேலூரில் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து நண்பகலில் வரும் குழாய்நீரில் கை வைத்தால், அது உடல் சூட்டைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். கணக்குக்காக அதை 40°C என்று வைத்துக்கொள்வோம். அந்த நீரில் 200 கிராம் எடுத்து, அதில் -10°C வெப்பநிலையில் உள்ள 50 கிராம் பனிக்கட்டியைப் போட்டால் இறுதி வெப்பநிலை என்னவாக இருக்கும் என்பது, மேல்நிலை வகுப்பில் இயற்பியல் படிக்கும் எவருக்கும் பழக்கமான வினா. இதே வினாவில் 50 கிராம் என்ற எண்ணை மட்டும் 120 கிராம் என்று மாற்றினால், பார்வைக்கு அதே கணக்காகத் தெரிந்தாலும், முதல் கணக்குக்கு எழுதிய சமன்பாடு இரண்டாவதற்குச் செல்லாது. ஏன் செல்லாது என்பதையும், எந்தச் சமன்பாட்டை எழுத வேண்டும் என்பதை எழுதுவதற்கு முன்பே எப்படி அறிவது என்பதையும் இந்தக் கட்டுரை விளக்குகிறது.

சூடான நீரையும் குளிர்ந்த நீரையும் கலக்கும் கணக்கில் இந்தச் சிக்கல் வருவதில்லை. தொடக்கத்தில் நீராக இருந்தது இறுதியிலும் நீராகவே இருக்கும். ஆகவே சூடான நீர் இழந்த வெப்பமும் குளிர்ந்த நீர் பெற்ற வெப்பமும் சமம் என்று ஒரே வரியில் எழுதி, தெரியாத வெப்பநிலையைக் கண்டுபிடித்துவிடலாம். பனிக்கட்டி உள்ளே வந்ததும் நிலைமை மாறிவிடுகிறது. அது முழுவதும் உருகியிருக்கலாம். பாதி உருகி மீதி மிதக்கலாம். பனிக்கட்டி நிறையவும் மிகக் குளிர்ந்தும் இருந்தால், ஊற்றிய நீரே உறைந்து கட்டியாகியிருக்கலாம். இந்த முடிவுகளில் ஒவ்வொன்றுக்கும் சமன்பாட்டின் வடிவம் வேறு. எந்த முடிவு என்று தெரியாமல் சமன்பாட்டை எழுதுகிறவர், பனிக்கட்டி முழுவதும் உருகிவிட்டது என்று தம்மையறியாமலேயே முடிவு செய்துவிடுகிறார். புதிதாகக் கற்பவர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பகுதி இங்கேதான் தொடங்குகிறது. பெருக்கல் வகுத்தலில் நேரும் பிழைகள் இதற்கு அடுத்தபடிதான்.

தேவையான எண்கள்

நான்கு மதிப்புகள் கையில் இருந்தால் போதும். ஒரு கிராம் நீரின் வெப்பநிலையை 1°C உயர்த்த 1 கலோரி வேண்டும். இது நீரின் தன்வெப்ப ஏற்புத்திறன். பனிக்கட்டிக்கு இந்த மதிப்பு ஏறத்தாழ அதில் பாதி, அதாவது 0.5 கலோரி. 0°C இல் உள்ள ஒரு கிராம் பனிக்கட்டி அதே 0°C இல் நீராக மாறுவதற்கு 80 கலோரி வேண்டும். இதுவே உருகுதலின் உள்ளுறை வெப்பம். 100°C இல் உள்ள ஒரு கிராம் நீர் அதே வெப்பநிலையில் நீராவியாக 540 கலோரி வேண்டும். இது ஆவியாதலின் உள்ளுறை வெப்பம்.

பாடநூல்கள் இப்போது ஜூல் அலகையே பெரிதும் பயன்படுத்துகின்றன. அதில் இந்த எண்கள் முறையே 4.2, 2.1, 334, 2260 ஜூல் என்று வரும். இங்கே கலோரியில் செய்வதற்குக் காரணம், எண்கள் சிறியவையாக இருப்பதால் கணக்கின் போக்கு கண்ணுக்குத் தெரியும் என்பது மட்டுமே. எந்த அலகில் செய்தாலும், ஒரே கணக்குக்குள் அலகை மாற்றாமல் இருக்க வேண்டும். வினாவில் நிறையைக் கிராமில் கொடுத்துவிட்டு, உள்ளுறை வெப்பத்தை ஒரு கிலோகிராமுக்கு இத்தனை ஜூல் என்று கொடுப்பது தேர்வுத்தாள் தயாரிப்பவர்களுக்குப் பிடித்தமான வேலை. வெப்பநிலையைக் கெல்வினுக்கு மாற்ற வேண்டியதில்லை. இங்கே வருவதெல்லாம் வெப்பநிலை வேறுபாடுகள்தான், அவை இரண்டு அளவிலும் ஒன்றே.

இந்த 80 என்ற எண்ணைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஒரு கிராம் பனிக்கட்டியை வெறுமனே உருக்குவதற்குச் செலவாகும் வெப்பம், அதே அளவு நீரை 0°C இலிருந்து 80°C வரை சூடாக்கப் போதுமானது. இத்தனை வெப்பம் உள்ளே போயும் வெப்பநிலைமானி சிறிதும் அசையாது. 1760களின் தொடக்கத்தில் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் ஜோசப் பிளாக் இதைத் தெளிவாகக் காட்டினார். அவர் கையாண்ட வழிகளில் ஒன்று, சூடான நீரில் பனிக்கட்டியைப் போட்டு இறுதி வெப்பநிலையை அளப்பது. நாம் செய்யும் பயிற்சிக் கணக்கு அவருடைய சோதனையின் நேரடி வாரிசு.

0°C என்னும் எல்லைக்கல்

கணக்கைத் தொடங்கும்போது இறுதி வெப்பநிலையைப் பற்றி நினைக்கவே வேண்டாம். அதற்குப் பதிலாக எல்லாப் பொருள்களையும் 0°C க்குக் கொண்டுவந்தால் என்ன ஆகும் என்று மட்டும் கேட்க வேண்டும். இதைக் கடைக்காரரின் கையிருப்பும் செலவும் போல எண்ணிக்கொள்ளலாம். சூடான நீர் 0°C வரை குளிரும்போது எவ்வளவு வெப்பத்தைத் தர முடியுமோ அது கையிருப்பு. பனிக்கட்டி 0°C வரை சூடாவதற்கு ஆகும் வெப்பம் முதல் செலவு. பிறகு அது முழுவதும் உருகுவதற்கு ஆகும் வெப்பம் இரண்டாம் செலவு. இந்த மூன்று எண்களையும் தனித்தனியாக எழுதி வைத்துக்கொண்டால், அவற்றை ஒப்பிட்ட மாத்திரத்தில் முடிவு எந்த வகை என்பது தெரிந்துவிடும்.

நமது முதல் கணக்கில் கையிருப்பு 200 × 1 × 40 = 8,000 கலோரி. முதல் செலவு, 50 கிராம் பனிக்கட்டியை -10°C இலிருந்து 0°C க்கு உயர்த்துவது: 50 × 0.5 × 10 = 250 கலோரி. இரண்டாம் செலவு, அதை உருக்குவது: 50 × 80 = 4,000 கலோரி. இரண்டும் சேர்ந்து 4,250. கையிருப்பு அதைவிட அதிகம். ஆகவே பனிக்கட்டி முழுவதும் உருகும், இறுதி வெப்பநிலை 0°C க்கு மேலே இருக்கும். இவ்வளவும் சமன்பாடு எதுவும் எழுதாமலேயே தெரிந்துவிட்டது.

இறுதி வெப்பநிலைக்கும் தனிச் சமன்பாடு தேவையில்லை. செலவு போக 8,000 - 4,250 = 3,750 கலோரி மீதி இருக்கிறது. எல்லாவற்றையும் 0°C க்குக் கொண்டுவந்தோம் என்று கற்பனை செய்த இடத்தில் இப்போது இருப்பது 0°C இல் உள்ள 250 கிராம் நீர். 200 கிராம் பழைய நீர், 50 கிராம் உருகிய நீர். மீதி வெப்பத்தை இந்த 250 கிராமுக்கும் கொடுத்தால் வெப்பநிலை 3,750 ÷ 250 = 15°C ஆகும். 40°C இல் இருந்த நீர் உண்மையில் 0°C வரை போய்த் திரும்பவில்லை என்று சிலர் ஐயுறுவார்கள். அது போகவில்லைதான், ஆனால் வெப்பம் வெளியே கசியாதபோது, எந்த வழியாகப் போனாலும் இறுதி நிலை ஒன்றே என்பதால், கணக்குக்கு வசதியான வழியை நாம் தேர்ந்துகொள்ளலாம்.

விடையைச் சரிபார்ப்பதற்குப் பழைய சமன்பாட்டையே பயன்படுத்தலாம். சூடான நீர் 40°C இலிருந்து 15°C க்கு வந்தபோது இழந்தது 200 × 25 = 5,000 கலோரி. பனிக்கட்டி பெற்றது 250, உருகப் பெற்றது 4,000, உருகிய நீர் 15°C வரை உயரப் பெற்றது 50 × 15 = 750; மொத்தம் 5,000. இரண்டு பக்கமும் ஒத்துப்போகின்றன.

இந்தக் கணக்கில் வரும் தவறான விடைகளுக்கும் அடையாளம் உண்டு. 18.75°C என்று விடை வந்தால், உருகிய பிறகு அந்த 50 கிராம் நீரும் சூடாக வேண்டும் என்பதை மறந்துவிட்டார் என்று பொருள். 200 கிராம் நீர் 4,250 கலோரியை இழந்ததோடு கணக்கை நிறுத்தியிருக்கிறார். 31°C என்று வந்தால் உள்ளுறை வெப்பத்தையே சேர்க்கவில்லை. 14°C என்று வந்தால் பனிக்கட்டிக்கும் நீரின் மதிப்பான 1 கலோரியையே போட்டிருக்கிறார். மூன்றில் கடைசித் தவறு ஒரே ஒரு பாகைதான் மாற்றுகிறது, இரண்டாவது பதினாறு பாகை மாற்றுகிறது என்பதைக் கவனித்தால், இந்தக் கணக்கில் எந்தச் செலவு பெரியது என்பது புரியும்.

கையிருப்பு போதாதபோது

இப்போது அதே நீரில் 120 கிராம் பனிக்கட்டியைப் போடுவோம். கையிருப்பு மாறவில்லை, 8,000 கலோரி. முதல் செலவு 120 × 0.5 × 10 = 600 கலோரி. இரண்டாம் செலவு 120 × 80 = 9,600 கலோரி. முதல் செலவைக் கையிருப்பு எளிதாகத் தாங்கிவிடுகிறது. ஆனால் இரண்டையும் சேர்த்து 10,200 கலோரியைத் தாங்க முடியவில்லை. எனவே பனிக்கட்டி உருகத் தொடங்கும், முழுவதும் உருகாது. நீரும் பனிக்கட்டியும் சேர்ந்து சமநிலையில் இருக்கும் இடம், வழக்கமான வளிமண்டல அழுத்தத்தில், 0°C மட்டுமே. ஆகவே இறுதி வெப்பநிலையைத் தேட வேண்டிய தேவையே இல்லை. தேட வேண்டியது எத்தனை கிராம் உருகியது என்பதை.

முதல் செலவு போக 7,400 கலோரி மிஞ்சுகிறது. ஒரு கிராமை உருக்க 80 கலோரி என்பதால் 7,400 ÷ 80 = 92.5 கிராம் உருகும். இறுதியில் பாத்திரத்தில் 292.5 கிராம் நீரும் 27.5 கிராம் பனிக்கட்டியும் 0°C இல் இருக்கும். இந்த விடையில் மூன்று எண்களையும் சொல்ல வேண்டும். "இறுதி வெப்பநிலை 0°C" என்று மட்டும் எழுதுவது பாதி விடைதான்.

இதே கணக்கை, பனிக்கட்டி முழுவதும் உருகிவிட்டது என்று எடுத்துக்கொண்டு சமன்பாடாக எழுதியவருக்கு என்ன கிடைக்கும் என்று பார்ப்பது பயனுள்ளது.

```
200 × (40 - T) = 600 + 9600 + 120 × T
8000 - 10200 = 320 × T
T = -6.9
```

இயற்கணிதத்தில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் விடை, 320 கிராம் நீர் திரவமாகவே -6.9°C இல் இருக்கிறது என்று சொல்கிறது. முழுவதும் உருகியது என்ற எடுகோளும் சுழிக்குக் கீழான வெப்பநிலையும் ஒன்றுக்கொன்று முரண். விடையில் குறை எண் வந்தவுடன் சிலர் குறியை அழித்துவிட்டு 6.9°C என்று எழுதிவிடுகிறார்கள். வேறு சிலர் கூட்டல் கழித்தலில் பிழை தேடித் தாளை நிரப்புகிறார்கள். செய்ய வேண்டியது, எடுகோளைக் கைவிட்டு 0°C க்குத் திரும்பி, உருகிய நிறையைக் கணக்கிடுவது ஒன்றே. இந்தச் சமன்பாட்டு முறையும் கடைசியில் சரியான இடத்துக்கே கொண்டுவரும் என்றாலும், முதலிலேயே மூன்று எண்களை எழுதிப் பார்ப்பவருக்கு இந்தச் சுற்றுவழி தேவைப்படாது.

இரண்டு கணக்குகளுக்கும் நடுவே எல்லை எங்கே இருக்கிறது என்பதையும் ஒரே வரியில் கண்டுபிடிக்கலாம். -10°C இல் உள்ள ஒவ்வொரு கிராம் பனிக்கட்டியும் முழுவதும் உருகுவதற்கு 5 + 80 = 85 கலோரி கேட்கிறது. 8,000 ÷ 85 என்பது ஏறத்தாழ 94. ஆகவே 94 கிராமுக்குக் கீழே எதைப் போட்டாலும் அது கரைந்து காணாமற்போய், நீர் 0°C க்கு மேலே நிற்கும். அதற்கு மேலே போட்டால் கட்டி மிதக்கும், வெப்பநிலை 0°C இலேயே நிற்கும். 100 கிராம் போட்டாலும் 150 கிராம் போட்டாலும் நீர் அதே அளவுதான் குளிர்ந்திருக்கும் என்பது பலருக்கு வியப்பளிக்கும் செய்தி.

நீரே உறையும் முடிவு

முதல் செலவையே கையிருப்பு தாங்காத நிலையும் உண்டு. வீட்டுக் குளிர்பெட்டியின் உறைப்பகுதி போன்ற இடத்தில் -20°C இல் இருக்கும் 500 கிராம் பனிக்கட்டியின் மேல், 10°C இல் உள்ள 100 கிராம் நீரை ஊற்றுவோம். கையிருப்பு 100 × 10 = 1,000 கலோரி. பனிக்கட்டி 0°C க்கு வருவதற்கே 500 × 0.5 × 20 = 5,000 கலோரி வேண்டும். நீரின் கையிருப்பு தீர்ந்த பின்னும் பனிக்கட்டி 0°C க்குக் கீழேதான் இருக்கிறது. ஆகவே அது தொடர்ந்து வெப்பத்தைக் கேட்கும். 0°C க்கு வந்துவிட்ட நீர் இனி உறைவதன் மூலமே வெப்பம் தர முடியும், கிராமுக்கு 80 கலோரி வீதம். முழுவதும் உறைந்தால் 8,000 கலோரி கிடைக்கும். தேவைப்படுவது 4,000 மட்டுமே. எனவே 50 கிராம் நீர் உறைகிறது, மீதி 50 கிராம் நீராகவே நிற்கிறது, இறுதி வெப்பநிலை மீண்டும் 0°C.

நீரின் அளவு 10 கிராமாக இருந்திருந்தால் அது குளிர்வதில் 100, உறைவதில் 800, ஆக 900 கலோரிதான் தந்திருக்கும். 5,000 இல் 4,100 கலோரி குறை அப்படியே நின்றுவிடுகிறது. இப்போது எல்லாம் பனிக்கட்டி, மொத்தம் 510 கிராம், குறையைப் பங்கிட்டால் 4,100 ÷ (510 × 0.5) என்பது ஏறத்தாழ 16. இறுதி வெப்பநிலை -16°C. இங்கே குறை எண் வருவது சரியானதே, ஏனெனில் இறுதியில் இருப்பது பனிக்கட்டி மட்டுமே. குறை எண்ணைக் கண்டதும் தவறு என்று முடிவுகட்டாமல், அந்த எண் எந்தப் பொருளுக்குச் சொல்லப்படுகிறது என்று பார்க்க வேண்டும்.

பாத்திரத்தையும் சேர்த்துக்கொள்ளுதல்

இதுவரை பாத்திரம் வெப்பத்தை வாங்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை என்று வைத்துக்கொண்டோம். கலோரிமீட்டர் 100 கிராம் தாமிரத்தால் ஆனது என்று வினாவில் சொல்லியிருந்தால், தாமிரத்தின் தன்வெப்ப ஏற்புத்திறன் ஏறத்தாழ 0.09 என்பதால், அது 9 கிராம் நீருக்குச் சமமாக நடந்துகொள்ளும். இந்த 9 கிராமை அதன் நீர்ச் சமானம் என்பார்கள். பாத்திரம் தொடக்கத்தில் நீரோடு ஒரே வெப்பநிலையில் இருப்பதால், 200 க்குப் பதில் 209 என்று எழுதிவிட்டால் போதும். முதல் கணக்கில் கையிருப்பு 8,360 ஆகி, மீதி 4,110 ஆகி, அது 259 கிராமுக்குப் பங்கிடப்பட்டு, விடை 15.9°C என்று வரும். இரண்டாம் கணக்கில் வெப்பநிலை அசையாது. கூடுதலாக வந்த 360 கலோரி இன்னும் 4.5 கிராமை உருக்கும், மிதக்கும் கட்டி 23 கிராமாகக் குறையும். உருகிய நிறையைச் சொல்லும்போது பாத்திரத்தின் 9 கிராமை நீரின் நிறையோடு கூட்டிவிடக் கூடாது. அது வெப்பக் கணக்குக்கான எண், தராசில் நிற்கும் எண் அன்று.

நீராவி வந்தால்

நீராவிக் கணக்கிலும் வழி இதுவே, எல்லைக்கல் மட்டும் 100°C க்கு நகர்கிறது. 40°C இல் உள்ள 200 கிராம் நீர் 100°C க்கு உயர 12,000 கலோரி வேண்டும். ஒரு கிராம் நீராவி நீராகக் குளிரும்போது 540 கலோரி தரும் என்பதால், ஏறத்தாழ 22 கிராம் நீராவி போதும். அதற்குக் குறைவாகச் செலுத்தினால் எல்லாம் நீராகி 100°C க்குக் கீழே நிற்கும்; அதிகமாகச் செலுத்தினால் மிஞ்சியது ஆவியாகவே வெளியேறும், வெப்பநிலை 100°C ஐத் தாண்டாது.

0°C பனிக்கட்டியும் 100°C நீராவியும் நேராகச் சந்திக்கும் கணக்கில் ஒரு நேர்த்தி இருக்கிறது. ஒரு கிராம் நீராவி 100°C நீராவதில் 540, பின்பு 0°C வரை குளிர்வதில் 100, ஆக 640 கலோரி தரும்; அது சரியாக 8 கிராம் பனிக்கட்டியை உருக்கும். மறுபக்கம், 3 கிராம் பனிக்கட்டியை உருக்கி 100°C வரை கொண்டுசெல்ல 240 + 300 = 540 கலோரி வேண்டும்; அது ஒரு கிராம் நீராவி தன் நிலை மாறும்போதே கிடைத்துவிடுகிறது. ஆகவே பனிக்கட்டியின் நிறை நீராவியின் நிறையைப் போல் 3 மடங்குக்கும் 8 மடங்குக்கும் இடையில் இருந்தால் மட்டுமே எல்லாம் நீராகி, நடுவில் ஒரு வெப்பநிலையில் நிற்கும். 3 மடங்குக்குக் கீழே நீராவி மிஞ்சும், 8 மடங்குக்கு மேலே பனிக்கட்டி மிஞ்சும். இந்த இரண்டு எண்களை நினைவில் வைத்திருப்பவர் இத்தகைய வினாவை வாசித்தவுடனேயே விடையின் வகையைச் சொல்லிவிடுவார்.

மேசையின்மேல் செய்து பார்க்கும்போது

தாளில் செய்த கணக்கை ஒரு கலோரிமீட்டரிலோ, பஞ்சு சுற்றிய எவர்சில்வர் டம்ளரிலோ செய்து பார்க்கிறவர்களுக்கு 80 என்ற எண் அவ்வளவு எளிதில் கிடைப்பதில்லை. முதல் காரணம் ஈரம். கடையில் மரத்தூளுக்குள்ளிருந்தோ சாக்கிலிருந்தோ எடுத்துத் தரும் ஐஸ் கட்டியை உடைத்துக் கொண்டுவந்தால், வழியிலேயே அதன் மேற்பரப்பு உருகி, அது 0°C இல் வடிந்துகொண்டிருக்கும். வெப்பநிலை தெளிவாகத் தெரிகிறது என்பது இதில் உள்ள நன்மை; கட்டியோடு ஒட்டி வரும் நீர் இதில் உள்ள தீமை. 50 கிராம் என்று நினைத்துப் போட்டதில் 5 கிராம் ஏற்கெனவே நீராக இருந்தால், 200 கிராம் நீர் 40°C இலிருந்து 16°C க்கு வர வேண்டிய இடத்தில் 17.6°C இலேயே நின்றுவிடும். அந்த எண்ணை வைத்து உள்ளுறை வெப்பத்தைக் கணக்கிட்டால் 72 என்று வரும். பத்தில் ஒரு பங்கு ஈரம், விடையிலும் பத்தில் ஒரு பங்கைத் தின்றுவிடுகிறது. ஆகவே கட்டியைச் சிறு துண்டுகளாக்கி, ஒவ்வொன்றையும் ஒற்றுத்தாளிலோ உலர்ந்த பருத்தித் துணியிலோ ஒற்றி எடுத்து, விரலால் தொடாமல், நீர் தெறிக்காமல் போட வேண்டும். மரத்தூள் ஒட்டியிருந்தால் முதலில் கழுவி, பிறகு ஒற்ற வேண்டும்.

குளிர்பெட்டியிலிருந்து நேராக எடுத்த கட்டிகள் உலர்ந்திருக்கும்; ஆனால் அவற்றின் வெப்பநிலை என்ன என்பது தெரியாது. உறைப்பகுதியில் -18°C இல் இருந்தவை, எடுத்து மேசைக்கு வருவதற்குள் வெளியே ஒரு வெப்பநிலையும் உள்ளே ஒரு வெப்பநிலையுமாக இருக்கும். அவற்றைச் சிறிது நேரம் வைத்து வடியத் தொடங்கியபின் ஒற்றிப் பயன்படுத்துவதே நம்பகமானது.

இரண்டாவது காரணம் அறையின் சூடு. மே மாதத்தில் வேலூரில் மின்விசிறியின் கீழே அறை 35°C இல் இருக்கிறது என்றால், 15°C இல் நிற்கும் பாத்திரத்துக்குள் எல்லாப் பக்கத்திலிருந்தும் வெப்பம் நுழைந்துகொண்டே இருக்கும். இதைத் தடுக்க முடியாவிட்டாலும் ஈடுகட்ட முடியும். அறையைவிட எத்தனை பாகை மேலே தொடங்குகிறோமோ, ஏறத்தாழ அத்தனை பாகை கீழே முடிக்க வேண்டும். முதல் பாதியில் வெளியே போன வெப்பம் இரண்டாம் பாதியில் உள்ளே வரும். 35°C அறையில் 200 கிராம் நீரை 45°C இல் தொடங்கி 25°C இல் முடிக்க வேண்டுமானால், நீர் இழப்பது 200 × 20 = 4,000 கலோரி; 0°C இல் உள்ள ஒவ்வொரு கிராம் பனிக்கட்டியும் உருகி 25°C க்கு வர 105 கலோரி கேட்கும்; ஆகவே 38 கிராம் போதும். பனிக்கட்டியை அள்ளிப் போடுவதால் சோதனை துல்லியமாகிவிடாது.

25°C க்கு வெகு கீழே போகாமல் இருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. காற்றில் ஈரம் மிகுந்த நாளில் குளிர்ந்த பாத்திரத்தின் வெளிப்புறம் வியர்க்கத் தொடங்கும். அந்த வியர்வை காற்றிலிருந்த நீராவி. அது நீராக மாறும்போது கிராமுக்கு ஏறத்தாழ 580 கலோரியை விடுகிறது. ஒரு கிராம் வியர்வையின் வெப்பம் முழுவதும் உள்ளே போய்விட்டால் 250 கிராம் நீரின் வெப்பநிலை 2°C க்கும் மேல் உயர்ந்துவிடும். டம்ளரின் வெளிப்புறத்தை விரலால் தடவிப் பார்த்து ஈரம் இருந்தால், அந்த அளவீட்டை ஒதுக்கிவிடுவது நல்லது.

உப்புக்கு இந்தக் கணக்கில் இடமில்லை. குல்ஃபி வண்டிக்காரர் பானையில் ஐஸோடு உப்பைக் கொட்டி வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கலவை 0°C க்கு வெகு கீழே போவதால்தான் அச்சுக்குள் இருக்கும் பால் உறைகிறது. நீரும் பனிக்கட்டியும் 0°C இல் சமநிலையில் நிற்கும் என்பது தூய நீருக்கு மட்டுமே பொருந்தும். உப்பு நீரிலோ சர்க்கரை கரைத்த எலுமிச்சைச் சாற்றிலோ கட்டியைப் போட்டுவிட்டு இந்த எண்களை எதிர்பார்க்க முடியாது.

போட்ட பனிக்கட்டியின் நிறையை முன்கூட்டியே நிறுக்க முயல வேண்டாம். தராசுத் தட்டில் இருக்கும்போதே அது உருகும். முதலில் வெறும் பாத்திரத்தை நிறுக்கவும், பிறகு நீரோடு நிறுக்கவும், பனிக்கட்டி உருகி முடிந்து வெப்பநிலையைக் குறித்தபின் மூன்றாம் முறை நிறுக்கவும். இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் உள்ள வேறுபாடே பனிக்கட்டியின் நிறை. துண்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டு, மெதுவாகக் கலக்கிக்கொண்டே, கடைசித் துண்டு மறையும் நேரத்தில் வெப்பநிலைமானி காட்டும் மிகக் குறைந்த மதிப்பைக் குறித்துக்கொள்ளவும். அதற்குப் பிறகு பாதரசம் மேலே ஏறத் தொடங்குவது அறையின் வெப்பத்தால்; அந்த மதிப்புகள் இந்தக் கணக்கைச் சேர்ந்தவை அல்ல.